ரிடென்ஷன் பணம்: யார் கையில், எந்த மழை வரை?

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கானாடுகாத்தானில் பழைய நகரத்தார் வீடு. முகப்பையும் வளவையும் தொடுவதில்லை. இரண்டாங்கட்டின் மேல்தளத்தைப் பிரித்து மறுபடி போட வேண்டும், நான்கு பாத்ரூம் புதிதாகக் கட்ட வேண்டும், உள்சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, பட்டாலைக்கு ஆத்தங்குடிக் கல், இறங்கிப்போன கதவுகளைச் சரிசெய்வது. பொருளும் கூலியும் சேர்த்து ஒப்பந்தத் தொகை 40 லட்சம், 18% ஜிஎஸ்டி தனி. 2025 ஆகஸ்ட் முதல் மாதம் ஒரு பில், ஒவ்வொன்றும் 5 லட்சம், மொத்தம் எட்டு. தளவேலை மழைக்குப் பிறகு ஜனவரியில் எடுக்கப்படுகிறது. 2026 மார்ச் 31 அன்று சாவி ஒப்படைப்பு.

பின்னால் வேலையில் குறை வந்தால் காவலாக, ஒவ்வொரு பில்லிலும் ரிடென்ஷன் என்ற 5% பிடித்தம் என்று பேச்சு. அதாவது பில்லுக்கு 25,000, முடிவில் 2 லட்சம் வீட்டுக்காரர் கையில் நிற்கும். ஒப்படைத்த பிறகு ஓராண்டு குறைபாட்டுக் காலம், அது முடிந்ததும் பணம் என்பதுதான் இங்கே வழக்கமான எழுத்து. இந்த 2 லட்சத்தை வைத்துக்கொள்ள வேறு வழிகளும் உண்டு. பாதியை ஒப்படைப்பிலேயே விடுவிக்கலாம். வங்கி உத்தரவாதம் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம். எந்த வேலையில் குறை வருமோ அந்த வேலைக்கு மட்டும் பிடிக்கலாம். எதைத் தேர்ந்தாலும், அதற்கு முன் காலத்தை எப்படி எழுதுவது என்று முடிவாக வேண்டும். செட்டிநாட்டில் ரிடென்ஷன் சண்டைகள் பெரும்பாலும் அங்கேதான் முளைக்கின்றன.

மாதக் கணக்கு வேண்டாம், தேதி எழுதுங்கள்

ஒப்பந்தக்காரர் "ஆறு மாதம் போதும்" என்பார், வீட்டுக்காரர் "ஒரு வருஷம்" என்பார். நம் வீட்டில் ஆறு மாதம் என்றால் 2026 செப்டம்பர் 30 அன்று முடிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவது அதற்குப் பிறகு. புரட்டாசியில் அடிக்கும் சாயங்கால இடிமழை கொஞ்சம் நனைக்கும், ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் விடாமல் பெய்யும்போதுதான் தளம் உண்மையைச் சொல்லும். ஆக, ஆறு மாதப் பிடித்தம் ஒரு அடைமழையைக்கூடப் பார்க்காமல் கைமாறிவிடும். வீட்டுக்காரருக்கு அதில் காவலே இல்லை.

ஓராண்டு என்றாலும் கணக்கு நேராக வருவதில்லை. நவம்பர் நடுவில் ஒப்படைத்த வேலைக்கு ஓராண்டு எழுதினால், இந்த மழையின் பின்பாதியும் அடுத்த மழையின் முன்பாதியும்தான் கிடைக்கும். மார்ச்சில் ஒப்படைத்ததற்கு ஓராண்டு எழுதினால், மழை ஓய்ந்து மூன்று மாதம் ஒப்பந்தக்காரரின் பணம் காரணமில்லாமல் கிடக்கும். பிடித்தம் ஒரு முழு மழைக்காலத்தைத் தாண்டட்டும், அதற்கு மேல் நிற்க வேண்டாம். நம் வீட்டுக்குத் தளத்தின் குறைபாட்டுக் காலம் 2027 ஜனவரி 31 வரை, பத்து மாதம். இப்படித் தேதியாகவே எழுதுவது நல்லது.

தொடக்கத் தேதியும் எழுத்தில் வேண்டும். அறுபதாம் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு, இன்னும் சில்லறை வேலை கிடக்கும்போதே குடும்பம் வந்து இறங்கிவிடும். ஒப்பந்தக்காரர் மனத்தில் அன்றே காலம் ஓடத் தொடங்கிவிட்டது. வீட்டுக்காரரோ "இன்னும் ரெண்டு கதவுக்குத் தாழ்ப்பாள் போடலையே, வேலை எங்கே முடிஞ்சது?" என்பார். "ஒப்படைப்புக் கடிதத் தேதி, அல்லது வீட்டைப் பயன்படுத்தத் தொடங்கிய தேதி, எது முந்தியோ அது" என்ற ஒரே வரி இதைத் தீர்க்கும். மிச்சமிருக்கும் சில்லறை வேலைகளை அதே கடிதத்தின் கீழே பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை போட்டுவிடலாம்.

ஒவ்வொரு வழியும் என்ன செலவாகும்?

ஒப்பந்தக்காரர் ஓவர்டிராஃப்டில் 12% வட்டிக்குப் பணம் புரட்டுகிறார் என்று வைப்போம். முதல் பில்லில் பிடித்த 25,000 ஒப்படைப்பு வரை ஏழு மாதம் நிற்கும், கடைசிப் பில்லில் பிடித்தது ஒரு நாள்கூட நிற்காது. சராசரி மூன்றரை மாதம். 2 லட்சத்துக்கு அந்தக் காலத்து வட்டி 7,000. இது எல்லா வழிக்கும் பொது. வித்தியாசம் ஒப்படைப்புக்குப் பிறகுதான்.

முழு 2 லட்சமும் ஓராண்டு நின்றால் வட்டி 24,000. பாதி ஒப்படைப்பில் வந்துவிட்டால் 12,000. பொதுவாக ஒப்பந்தங்களில் அதிகம் காணும் வடிவம் இந்தப் பாதிப்பாதி. எளிமையானது, இரு பக்கமும் புரிந்துகொள்ளும். ஆனால் இதில் ஒரு கோளாறு: மீதி 1 லட்சம் எதற்காக நிற்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் எல்லாவற்றுக்காகவும் அது நிற்கும். ஆத்தங்குடிக் கல்லில் கறை போகவில்லை என்று யாரோ ஆசிட் ஊற்றித் தேய்ப்பார்கள். அது சூளையில் சுட்ட கல் அல்ல, சிமெண்டும் நிறமும் சேர்த்துக் கையால் வார்த்துத் தண்ணீரில் பதப்படுத்தியது. ஆசிட் பட்டால் மேற்பரப்பு அரித்து நிறம் வெளுக்கும். அந்த வெளுப்பும் "வேலைக் குறை" என்று 1 லட்சத்தின் கணக்கில் ஏறிவிடும். மழையில் தேக்குக் கதவு ஊதி இறுகுவதும் அப்படியே, தையில் அது தானே தளர்ந்துவிடும் என்றாலும்.

வங்கி உத்தரவாதம் கேட்பதற்குக் கவர்ச்சியாக இருக்கும். ஒப்படைப்பன்றே 2 லட்சமும் வந்துவிடுமே! ஆனால் சிறிய ஒப்பந்தக்காரருக்கு உத்தரவாத லிமிட் இருக்காது. வங்கி முழுத் தொகைக்கும் டெபாசிட் போடச் சொல்லும். அதாவது 2 லட்சத்தை விடுவிக்க, முதலில் வேறு 2 லட்சம் புரட்ட வேண்டும். அந்த டெபாசிட்டுக்கு 6.5% வட்டி கிடைக்கிறது, புரட்டிய பணத்துக்கு 12% போகிறது என்றால் ஆண்டுக்கு 5.5%, அதாவது 11,000 நஷ்டம். கமிஷன் ஆண்டுக்கு 2% என்று கொள்வோம் (வங்கிக்கு வங்கி மாறும்). ஓராண்டு உத்தரவாதத்துக்கு மேல் இன்னொரு ஆண்டு கிளெய்ம் காலமும் சேர்த்து எழுத வேண்டும் என்று பல வங்கிகள் கேட்கின்றன. இந்திய ஒப்பந்தச் சட்டம் 28ஆம் பிரிவில் 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிவிலக்கைப் படித்து அவர்கள் எடுத்துக்கொண்ட வழக்கம் அது. அந்தக் காலத்துக்கும் கமிஷன் வாங்கினால் இரண்டாண்டுக்கு 8,000. கமிஷன் மீதான ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியில் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் சேர்க்கவில்லை. முத்திரைத்தாள் செலவு தனி.

ஆக, காலம் முடிந்ததும் வீட்டுக்காரர் அசல் உத்தரவாதப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தால் செலவு 19,000. அவர் சிங்கப்பூரில் இருந்து, பத்திரம் காரைக்குடி வீட்டு இரும்புப் பெட்டியில் பூட்டிக் கிடந்தால், டெபாசிட் இரண்டாம் ஆண்டும் முடங்கிச் செலவு 30,000 ஆகிவிடும். சும்மா பிடித்தத்தில் விட்டிருந்தால் 24,000தான்! லிமிட் வைத்திருந்து 25% மார்ஜின் டெபாசிட்டில் உத்தரவாதம் எடுப்பவருக்கு மட்டும் கணக்கு மாறும். பத்திரம் நேரத்தில் திரும்பினால் 10,750. இந்த அளவு வேலையில் உத்தரவாதம் அவருக்குத்தான் பொருந்தும், மற்றவர்களுக்கு வீண்.

இன்னொன்றையும் ஒப்பந்தக்காரர் யோசிக்க வேண்டும். உத்தரவாதம் வழக்கமாக நிபந்தனையற்றது. வீட்டுக்காரர் எழுத்தில் கேட்டால் வங்கி கொடுத்துவிடும், தளம் உண்மையிலேயே ஒழுகியதா என்று பார்க்காது. நீதிமன்றத்தில் தடை வாங்க அப்பட்டமான மோசடி அல்லது ஈடுசெய்ய முடியாத அநீதி என்று காட்ட வேண்டும், அது லேசில் நடக்காது. வீட்டுக்காரர் பக்கத்திலும் ஆபத்து உண்டு. கிளெய்ம் காலமும் முடிந்த மறுநாள் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. தேதியை மறந்தால் காவல் போயிற்று. கையில் இருக்கும் பணத்துக்கு அந்தப் பயம் கிடையாது.

இருவர் பெயரிலும் கூட்டு டெபாசிட் போடுவது, வீட்டுக்காரரிடம் பின்தேதியிட்ட செக் வாங்கிக்கொள்வது என்றும் சிலர் சொல்வார்கள். கூட்டு டெபாசிட்டில் வட்டியாவது மிஞ்சும், ஆனால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் அது நடக்கிற காரியமில்லை. செக் என்பது வாக்குறுதிதான். திரும்பினால் வழக்குப் போட மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138ஆம் பிரிவு இருக்கிறது, ஆனால் குறை தீரவில்லை, பணம் பாக்கியே ஆகவில்லை என்ற வாதம் அங்கேயும் வரும்.

வேலைவாரியாகப் பிடிப்பது

இதுதான் எங்கள் பரிந்துரை. பில்களில் வழக்கம்போல 5% பிடியுங்கள். ஒப்படைப்பில், மறைந்திருந்து பின்னால் வெளிப்படும் வேலைகளுக்கு மட்டும் நிறுத்தி, மற்றதை விடுவியுங்கள். நம் வீட்டில் தளவேலை 9 லட்சம், பாத்ரூம் வேலை 4 லட்சம் என்று அட்டவணையில் இருக்கிறது. இரண்டுக்கும் 10% வீதம் 90,000, 40,000. மீதி 70,000 மார்ச் 31 அன்றே ஒப்பந்தக்காரருக்கு. பாத்ரூம் கசிவு தெரிய ஓராண்டு வேண்டாம். தினமும் தண்ணீர் புழங்கினால் மூன்று மாதத்தில் பின்சுவரில் ஈரமோ உப்புப் பூப்போ தெரிந்துவிடும். அதனால் அந்த 40,000 ஜூன் 30 வரை. தளத்துக்கான 90,000 ஜனவரி 31 வரை. வட்டி முறையே 1,200, 9,000, ஆக 10,200. பாதிப்பாதியைவிட ஒப்பந்தக்காரருக்கு 1,800 குறைவு. வீட்டுக்காரரிடமோ மழைக்காலத்தில் கிட்டத்தட்ட அதே தொகை நிற்கிறது, அதுவும் எதற்கென்று பெயர் எழுதி.

பெயர் எழுதியதால் சுண்ணாம்புப் பூச்சிலோ கதவிலோ வரும் குறைக்கு ஒப்பந்தக்காரர் பொறுப்பில்லை என்றாகாது. குறைபாட்டுக் காலம் எல்லா வேலைக்கும் உண்டு, வந்து சரிசெய்யத்தான் வேண்டும். அந்த 90,000 மட்டும் அதற்குப் பணயமாகாது. அட்டவணை இல்லாமல் சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிய வேலையில் இந்த வழி நடக்காது. தளத்துக்கு எவ்வளவு என்று முதலிலேயே பிரித்து எழுதியிருக்க வேண்டும்.

வீடு பெரும்பாலும் பூட்டியே கிடக்கும் என்றால் பாத்ரூமின் மூன்று மாதம் பொருளற்றது. யாரும் குளிக்காத பாத்ரூமில் கசிவு எப்படித் தெரியும்? அங்கே ஒப்படைப்புக்கு முன்பே, சுவர் ஓடு ஒட்டும் முன்பு, தாழ்வான தரையில் தண்ணீர் கட்டி இரண்டு நாள் வைத்துக் கீழேயும் பின்சுவரிலும் பார்ப்பதுதான் சோதனை.

தளம் ஒழுகினால் யார் குற்றம்?

தளத்துக்கும் ஒப்படைப்பில் தண்ணீர்ச் சோதனை வேண்டும். ஆனால் கான்கிரீட் தளம்போல இங்கே 5 செ.மீ. கட்டக்கூடாது. 5 செ.மீ. தண்ணீர் சதுர மீட்டருக்கு 50 கிலோ. தேக்கு உத்திரமும் அதன்மேல் செங்கலும் சுருக்கியும் தட்டோடுமாக ஏற்கெனவே கனக்கும் பழைய மெட்ராஸ் தளத்தில், உத்திரத்தின் நுனி சுவருக்குள் செல்லரித்திருந்தால் வெளியே தெரியாது. தளத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தூம்பை அடைத்து, 2.5 செ.மீ. போதும். கீழே ஒருவர் டார்ச்சுடன் உத்திர வரிசையைப் பார்க்க வேண்டும். சோதனையின் தேதியும் படமும் ஒப்படைப்புக் கடிதத்தோடு சேரட்டும்.

மழையில் ஒழுகியது என்று வாட்சப்பில் படம் வரும். எப்போதும் கீழ்க்கூரையின் படம். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மேலே ஏறி, ஒழுகிய இடத்துக்கு நேர்மேலே எடுத்த படம் வேண்டும். அங்கே வேப்பிலையும் மண்ணும் கோடாகப் படிந்து, கைப்பிடிச் சுவரில் ஒரே மட்டத்தில் அழுக்கு வரி இருந்தால், தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது. தூம்பு அடைத்திருந்தால் அது பராமரிப்புக் குறை, வீட்டுக்காரர் பக்கம். தூம்பு சுத்தமாக இருந்தும் தேங்கியிருந்தால் வாட்டம் தப்பு, ஒப்பந்தக்காரர் பக்கம். தேங்கிய தடமே இல்லாமல் ஒழுகினால், தளம் கைப்பிடிச் சுவரோடு சேரும் மூலையையும் தூம்பின் வாயையும் பாருங்கள். புதுச் சுருக்கியும் பழைய சுவரும் வேறு வேறாக அசையும், அந்த மூலையை உருட்டிப் பூசாமல் நேராக விட்டிருந்தால் முடிக்கோடு விரிசல் ஓடியிருக்கும். இதுவும் ஒப்பந்தக்காரர் பக்கம்தான்.

பூட்டிய வீட்டில் இதை யார் பார்ப்பது? ஐப்பசியில் ஒழுகியதைத் தையில் படைப்புக்கு வந்து இறங்கும்போதுதான் பார்க்கிறார்கள். அதற்குள் உத்திரம் மூன்று மாதம் ஊறியிருக்கும். அதனால் அக்டோபர் கடைசியில் ஒருமுறை, டிசம்பர் நடுவில் ஒருமுறை, ஒப்பந்தக்காரரே காவல்காரருடன் வீட்டைத் திறந்து மேலும் கீழும் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேருங்கள். அதற்கு முன் தூம்பைச் சுத்தம் செய்து வைப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்றும் எழுதுங்கள். 90,000க்கு இந்த இரண்டு நடை ஒன்றும் பெரிதில்லை.

குறை தெரிவித்தால் ஏழு நாளில் வந்து பார்க்க வேண்டும், மழை விட்ட பதினைந்து நாளில் சரிசெய்ய வேண்டும். வராவிட்டால் வேறு கொத்தனாரை வைத்துச் செய்து, அந்த பில் தொகையை மட்டும் கழிக்கலாம். "மட்டும்" முக்கியம். பிடித்தம் அபராதம் அல்ல. 15,000க்கு மூலையைச் சரிசெய்துவிட்டு 90,000ஐயும் வைத்துக்கொள்ள வீட்டுக்காரருக்கு உரிமையில்லை.

ஜிஎஸ்டி எங்கே இடிக்கிறது

5% எதன் மேல்? அடிப்படைத் தொகையின் மேலா, வரி சேர்ந்த தொகையின் மேலா? எழுதாவிட்டால் சிலர் 47.2 லட்சத்தின் மேல் பிடித்து, 2,36,000 நிறுத்துவார்கள். அந்த 36,000 ஒப்பந்தக்காரர் அரசுக்குக் கட்ட வேண்டிய வரி.

இரண்டு முறை உண்டு. 5 லட்சத்துக்கு முழு இன்வாய்ஸ் போட்டால் வரி 90,000. வீட்டுக்காரர் 25,000 கழித்து 5,65,000 தருவார், முழு வரியும் அப்போதே போய்ச்சேரும். இல்லையென்றால், பிடித்தம் எந்தத் தேதியில் பாக்கியாகும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, இப்போது 4,75,000க்கு மட்டும் இன்வாய்ஸ் போட்டு, பிடித்தத்துக்கு அந்தத் தேதியில் தனி இன்வாய்ஸ் போடலாம். தொடர்ச்சியான சேவைக்கு, பணம் தரவேண்டிய நாள் ஒப்பந்தத்தில் தெரிந்தால் அந்த நாளுக்குள் இன்வாய்ஸ் போட்டால் போதும் என்கிறது சிஜிஎஸ்டி சட்டம் 31(5). வேலைவாரியாக மூன்று தேதி எழுதியவருக்கு இது தானாகவே வசதியாகிவிடும். தேதியே எழுதாதவர் முதல் முறையில்தான் போக வேண்டும்.

பங்காளி வீடு

வீடு ஆறு பங்காளிகளுக்குப் பொது, செலவைப் பங்குப்படி பிரித்துக்கொள்கிறார்கள் என்றால், ஒவ்வொருவரும் தம் பங்குப் பணத்தில் 5% பிடித்துத் தாமே வைத்துக்கொள்ளும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஜனவரி 31க்குப் பிறகு ஒப்பந்தக்காரர் 90,000க்காக ஆறு பேரிடம் நடக்க வேண்டும். ஐந்து பேர் கொடுத்த பிறகும் ஆறாமவர் தம் பக்கத்து அறையில் ஒரு கறையைக் காட்டுவார். ஒப்பந்தத்தில் ஒருவர் பெயர், குறை சொல்லவும் முடிந்தது என்று கையெழுத்துப் போடவும் அவர் ஒருவருக்கே அதிகாரம், பிடித்தமும் அவர் கணக்கில். மற்றவர்கள் அதற்குச் சம்மதக் கடிதம் கொடுத்து அது ஒப்பந்தத்தோடு இணைந்திருந்தால், ஒப்பந்தக்காரர் தைரியமாக வேலையில் இறங்கலாம்.

காலம் முடிய ஒரு மாதம் முன்பு, ஜனவரி முதல் வாரத்தில், இருவரும் அல்லது அவர்கள் ஆட்களும் சேர்ந்து தளத்தைப் பார்த்து ஒரு தாளில் எழுத வேண்டும். மிச்சக் குறை இருந்தால் அதன் தொகையை நிறுத்தி மற்றதைப் பிப்ரவரி 15க்குள் கொடுப்பது என்று முன்பே பேசியிருக்க வேண்டும். அந்தத் தேதி தாண்டியும் பணம் வராவிட்டால், வழக்குப் போட மூன்றாண்டு, அதாவது 2030 பிப்ரவரி 15 வரை. "தரேன், அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பார்க்கலாம்" என்று போனில் சொன்னால் அந்தக் காலம் நீளாது. பாக்கி இருக்கிறது என்று காலம் முடிவதற்குள் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் அன்றிலிருந்து புதிதாக மூன்றாண்டு ஓடத் தொடங்கும்.